கடைசி மெயிலா, வாட்ஸ்அப்பா, டீ நேரமா?

பெங்களூர் பீன்யாவில் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் 17 வருடம் 8 மாதம் வேலை பார்த்தேன். 2005 நவம்பர் 1-ஆம் தேதி சேர்ந்தேன், 2023 ஜூன் 30 வெள்ளிக்கிழமை கடைசி நாள். கணக்கு, பர்ச்சேஸ், சம்பளம், பிஎஃப் எல்லாம் என் மேஜைதான். கூரியர்காரரோடு சண்டை போடுவதும்கூட. விலகுவதற்கு ஒரு மாதம் முன்பே, எல்லோருக்கும் அனுப்ப ஒரு விடைபெறும் மெயில் எழுதத் தொடங்கினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. சேர்ந்த நாள், ஆயுதபூஜை, ஜிஎஸ்டி வந்த வருடம் பட்ட பாடு என்று எல்லாம் அதில் இருந்தது.

ஸ்ரீராம்புரத்தில் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் என் கணவரிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா உங்க கம்பெனில மெயில் பாக்குறவங்க எத்தனை பேரு?" என்றார்.

எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 23 பேர். மெயில் ஐடி இருப்பவர்கள் 7 பேர், அதில் ஒன்று என்னுடையது. 'எல்லோருக்கும்' என்று நான் எழுதிய மெயில் ஆறு பேருக்குத்தான் போகும். மீதி 16 பேர் பிரஸ் மெஷினிலும் வெல்டிங்கிலும் பேக்கிங்கிலும் இருப்பவர்கள். அவர்களில் சிலருக்குக் கன்னடம் படிக்க வரும், சிலருக்கு இந்தி, ஒடிசாவிலிருந்து வந்த நாலு பையன்களுக்கு ஒடியா. நான் எழுதியிருந்ததோ இங்கிலீஷில்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வழியையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தேன். மெயில், வாட்ஸ்அப் குரூப், டீ நேரத்தில் நின்று பேசுவது, ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்வது. வெளியாட்கள், அதாவது சப்ளையர்களும் கஸ்டமர்களும், வேறொரு கதை. நான் அதிக நேரம் செலவழித்ததும் அங்கேதான்.

முதலில் மெயில். அதன் பலம் அது நிற்கும் என்பது. ஆறு மாதம் கழித்து யாராவது தேடினால் கிடைக்கும். பலவீனமும் அதுவேதான். பெரிய கம்பெனியில் ஐநூறு பேரில் எட்டுப் பேரின் பெயரைப் போட்டு நன்றி சொன்னால் மற்றவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். 23 பேர் இருக்கும் இடத்தில் எட்டுப் பெயர் எழுதினால், விட்டுப்போன 14 பேரும் அதைப் பெயர் பெயராகப் படிப்பார்கள். என் முதல் வரைவில் ஒன்பது பெயர் இருந்தது. பேக்கிங்கில் 11 வருடமாக இருக்கும் அம்மாவின் பெயர் இல்லை. வேண்டுமென்று விடவில்லை, எழுதிய வேகத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதை அவரிடம் எப்படிப் போய் விளக்குவது? ஒன்று 22 பேரையும் எழுத வேண்டும், இல்லை ஒருவரையும் எழுதக் கூடாது. நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் மெயிலை அந்த ஆறு பேருக்கு மட்டும், வேலைக் காகிதமாகவே வைத்துக்கொண்டேன். மேலே ஐந்து வரி, கீழே ஒப்படைப்புக் குறிப்பு: எந்தப் ஃபைல் எந்த அலமாரியில், டேலியின் பேக்கப் எங்கே, எந்த பில் யாருடைய கையெழுத்துக்குக் காத்திருக்கிறது என்பதெல்லாம். ஐந்து வரி இவ்வளவுதான்:

"சார், இன்று என் கடைசி வேலை நாள். என் பொறுப்பில் இருந்தவை இப்போது எங்கே, யாரிடம் இருக்கின்றன என்று கீழே எழுதியிருக்கிறேன். முடியாமல் நிற்பவை நான்கு, அவற்றை முதலில் போட்டிருக்கிறேன். ஜூலை மாதம் முழுக்க மாலை ஆறு மணிக்கு மேல் போனில் கேட்கலாம். 17 வருடம் என்னை நம்பி செக் புத்தகத்தைக் கொடுத்து வைத்திருந்ததற்கு நன்றி."

கடைசி வரியை எழுத மட்டும் இரண்டு நாள் ஆனது. 'உங்கள் வழிகாட்டுதலுக்கு நன்றி' என்றுதான் முதலில் இருந்தது. எங்கள் முதலாளி சாருக்குக் கணக்கு வராது, அதில் எனக்கு அவர் வழிகாட்டியதும் இல்லை. அவர் செய்தது நம்பியதுதான், அதைச் சொன்னால் போதும் என்று தோன்றியது. 'ஜூலை மாதம் முழுக்க' என்று முடிவு வைத்ததும் யோசித்துத்தான். 'எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்' என்று எழுதியிருந்தால் நிஜமாகவே கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். புது வேலையில் மீட்டிங்கில் இருக்கும்போது பழைய கம்பெனியின் கரன்ட் பில் எண்ணைக் கேட்டு போன் வரும்.

இன்னொன்று. சின்ன கம்பெனிகளில் விலகியவரின் மெயில் ஐடியை மறுநாளே நீக்கிவிடுவார்கள், மாதக் கட்டணம் மிச்சமாகுமே என்று. கூகுள் ஒர்க்ஸ்பேஸில் அப்படி நீக்கினால் மீட்டெடுக்க 20 நாள்தான் அவகாசம். நீக்கியதிலிருந்து என் பெயருக்கு வரும் சப்ளையர் பில்லெல்லாம் திரும்பிப் போகும். அதனால் நீக்குமுன் என் முகவரியை அலுவலகத்தின் பொது ஐடிக்கு மாற்றிவிடச் சொல்லி, குறிப்பின் முதல் வரியாகவே எழுதினேன்.

வாட்ஸ்அப் குரூப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் குரூப்பில் 21 பேர் இருந்தார்கள், அதனால் ஆள் கணக்கில் மெயிலைவிட அதுதான் முந்தியது. ஆனால் அந்தக் குரூப்பில் வருவது என்ன? இன்றைக்குப் பவர் கட், நாளைக்கு வண்டி வராது, குட் மார்னிங் படம். அதன் நடுவே நான் நீளமாக எழுதினால் கை கூப்பிய படம் இருபது வரும். இருபத்தொன்றாவதாக, லோடு ஏற்றியாயிற்றா என்று ஒருவர் கேட்பார். இரண்டு வரி போதும் என்று முடிவு செய்தேன். அதைக்கூடக் குரலில் பதிவு செய்து கன்னடத்திலும் இந்தியிலும் அனுப்பினேன், படிக்க வராதவர்களுக்கும் கேட்குமே. குரூப்பிலிருந்து அன்றே வெளியேறவும் இல்லை. இப்போதெல்லாம் வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும், அதனால் ஒரு வாரம் கழித்துச் சத்தமில்லாமல் வந்துவிடலாம். செய்தி போட்ட அடுத்த நிமிடமே போனால், ஏதோ கோபத்தில் போன மாதிரி இருக்கும்.

டீ நேரம்தான் எனக்குப் பயம். மேடைப் பேச்சு எனக்கு வராது. தவிர பிரஸ் ஓடும் ஷெட்டில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. மூன்றரை மணி டீக்கு மெஷினை நிறுத்தும்போது கிடைக்கும் பத்து நிமிடம்தான் 23 பேரும் ஒரே இடத்தில் நிற்கும் நேரம். மெயிலும் வாட்ஸ்அப்பும் செய்யாத ஒன்றை இது செய்யும்: சொன்னது காற்றோடு போய்விடும். யார் பெயரை விட்டேன், எந்த வார்த்தை தவறாக விழுந்தது என்று யாரும் திரும்ப எடுத்துப் படிக்க முடியாது. சொதப்பினாலும் சிரித்துவிட்டுப் போய்விடலாம்.

என்ன பேசுவது என்பதற்கு ஒரு வழி வைத்துக்கொண்டேன். எல்லோருக்கும் பங்கு இருந்த ஒரு நாளைச் சொல்வது, வேறெதுவும் வேண்டாம். 2020-இல் லாக்டவுன் தளர்ந்து மே மாதம் ஷட்டரைத் திறந்த நாளை எடுத்துக்கொண்டேன். மெஷின்களில் துரு. ஆர்டர் கையில் இரண்டே இரண்டு. வேலைக்கு வந்திருந்தவர்கள் ஒன்பது பேர். அன்றைக்கு எல்லோரும் பிரஸ்ஸைத் துடைத்தார்கள், நானும் ஒரு பழைய துணியோடு உட்கார்ந்து, தகட்டை வடிவமாக்கும் டை என்ற அச்சு ஒன்றைத் துடைத்தேன், அதைத் தலைகீழாக வைத்துத் துடைத்தேன் என்று பிற்பாடு ஒரு வருடம் கேலி செய்தார்கள். அவ்வளவுதான் சொன்னேன். அன்றைக்கு ஊரில் மாட்டிக்கொண்டிருந்தவர்களும் அந்தக் கேலியில் இருந்தவர்கள்தான், அதனால் யாரும் விட்டுப்போகவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கடைசியில் 'ஹோகி பர்தீனி' என்றேன். கன்னடத்திலும் நம்மைப் போலத்தான், போகிறேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், போய் வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். லேத்தில் இருக்கும் பெரியவர் மட்டும், "பர்ரி, பர்ரி, டை ஒரெஸக்கே" என்றார். வாங்க, டை துடைக்கத்தான் என்று அர்த்தம். ஷெட் முழுக்கச் சிரிப்பு.

மூன்றரை மணியை எடுத்ததற்கும் காரணம் உண்டு. காலைப் பத்தரை மணி டீக்குச் சொல்லியிருந்தால் அன்று முழுக்க யாரும் சரியாக வேலை பார்க்க மாட்டார்கள். நானும்தான். ஆறு மணிக்குச் சொல்லலாம் என்றால் அப்போது பாதிப்பேர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார்கள்.

தனியாகச் சொல்ல வேண்டியது என்று ஒன்று இருக்கிறது. அதை மெயிலில் எழுதப் பார்த்தேன், சரியாக வரவில்லை. 2016 செப்டம்பர் 12, திங்கட்கிழமை. காவிரித் தண்ணீர்ப் பிரச்சினையில் பெங்களூர் எரிந்த நாள். தமிழ்நாட்டு நம்பர் போட்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தன, 144 தடை வந்தது, மதியத்துக்கு மேல் பஸ் இல்லை. நான் தமிழ் என்று ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். அன்று பிரஸ்ஸில் இருந்த ஒருவர் தன் பைக்கில் என்னை ஏற்றி, பெரிய ரோட்டைத் தவிர்த்து, சந்து சந்தாக ஸ்ரீராம்புரம் வரை கொண்டுவந்து விட்டார். போகும் வழியெல்லாம், யாராவது நிறுத்தினால் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மறுநாள் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இதை எல்லோருக்கும் போகும் மெயிலில் எழுதினால் என்ன ஆகும்? அவரைப் புகழ்வதாகத்தான் நான் நினைப்பேன். படிப்பவர்களுக்கு அது ஊர்ச் சண்டையைக் கிளறுவதாகப் படலாம். அவருக்கும் சங்கடம், அவர் அதை ஒரு காரியமாகவே நினைத்திருக்க மாட்டார். ஏழு வருடமாகச் சொல்லாத நன்றியை இருபது பேர் முன்னால் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜூன் 28 அன்று அவர் கை கழுவிக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்று, "அண்ணா, அந்த காவேரி கலாட்டா அன்னைக்கு..." என்று கன்னடத்தில் ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. "ஐயோ அக்கா, அன்னைக்கு பெட்ரோல் போட்டது நீங்கதானே" என்றார். எனக்கு அது நினைவே இல்லை.

ஆக உள்ளே இருப்பவர்களுக்கு வைத்திருந்தது இதுதான்: எழுத்தில் வேலை, வாயால் பிரியம். பலர் தலைகீழாகச் செய்து நான் பார்த்திருக்கிறேன். பிரியத்தை மெயிலில் கொட்டிவிட்டு, பாக்கி வேலையை வாசலில் நின்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அடுத்து வருபவருக்கு அந்த மெயிலால் ஒரு உபயோகமும் இல்லை.

இனி வெளியாட்கள். இங்கேதான் நான் கிட்டத்தட்ட ஒரு தப்பு செய்யப் பார்த்தேன். எங்களுக்கு அப்போது நடப்பில் 31 சப்ளையர்கள். ஷீட், கீல், ஸ்க்ரூ, ஜிங்க் பிளேட்டிங், பவுடர் கோட்டிங் என்று. அவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் ஒரே செய்தி போட்டுவிடலாம் என்று நினைத்தேன். 256 பேர் வரை ஒரு பட்டியலில் சேர்க்கலாம், வேலை சுலபம். ஆனால் என் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். சேமிக்காதவருக்குப் போகாமல் விட்டால், எனக்கு அது தெரியவும் வராது.

அதைவிடப் பெரிய விஷயத்தை ஓசூரில் பிளேட்டிங் யூனிட் வைத்திருக்கும் ஒருவர் போனில் சொன்னார். தமிழர்தான், பத்து வருடப் பழக்கம். நான் போகப் போகிறேன் என்று முதலில் சொன்னது அவரிடம்தான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கம்பெனி நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே விளக்கினார். ரொம்ப வருடம் இருந்த கணக்குக்காரர் திடீரென்று போகிறார் என்றால், கடன் கொடுத்தவன் வேறு மாதிரிதான் யோசிப்பான். உள்ளே பணம் இல்லை, அது முதலில் தெரிவது கணக்குக்காரருக்குத்தான், அதனால் போகிறார் என்று. வேறொரு கம்பெனியில் அப்படி நடந்து அவருக்குப் பணம் நின்றுபோயிருக்கிறது. என் செய்தி 'நன்றி, வணக்கம், போய்வருகிறேன்' என்று மட்டும் இருந்தால், 31 பேரில் நாலு பேராவது அடுத்த ஆர்டருக்கு அட்வான்ஸ் கேட்டிருப்பார்கள். நான் பிரியமாக எழுதியது கம்பெனியின் கடன் நாட்களைக் குறைத்திருக்கும்.

அதனால் சப்ளையருக்கான செய்தியில் நன்றியைக் கடைசிக்குத் தள்ளி, பாக்கித் தொகையை முன்னால் வைத்தேன். ஒரே செய்தியாக இல்லாமல் 31-ஐயும் தனித்தனியாக ஜூன் 15, 16 இரண்டு நாளில் அனுப்பினேன். கீல் சப்ளையருக்குப் போனது இப்படி இருந்தது:

"வணக்கம். ஜூன் 30-உடன் நான் கம்பெனியிலிருந்து விலகுகிறேன். மே 31 வரை உங்களுக்கு நாங்கள் தர வேண்டியது எங்கள் கணக்கில் ரூ. 1,84,300. ஸ்டேட்மென்ட் இத்துடன் இருக்கிறது. உங்கள் கணக்கோடு வித்தியாசம் இருந்தால் ஜூன் 24-க்குள் சொல்லுங்கள், நான் இருக்கும்போதே பார்த்து முடித்துவிடலாம். ஜூலை 1 முதல் பில், பேமென்ட் இரண்டுக்கும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அலுவலக லேண்ட்லைனில் கூப்பிடுங்கள். பேங்க் விவரம் எதுவும் மாறவில்லை. இத்தனை வருடம் பொறுத்துப்போனதற்கு நன்றி."

இதில் மூன்று இடம் யோசித்து வைத்தது. ஸ்டேட்மென்ட் இருப்பதால் கம்பெனி எதையும் மறைக்கவில்லை என்று தெரிகிறது. ஜூன் 24 என்ற தேதி இருப்பதால் பதில் வருகிறது, 'சீக்கிரம்' என்று எழுதினால் வராது. மூன்றாவது, புது நம்பர் எதுவும் கொடுக்காமல் அவர்களிடம் இருக்கும் பழைய லேண்ட்லைனையே சொன்னது. ஆள் மாறும் நேரத்தில் 'இனி இந்த நம்பரில் பேசுங்கள், இந்த அக்கவுன்ட்டில் போடுங்கள்' என்று செய்தி அனுப்பித்தான் ஏமாற்றுக்காரர்கள் பணத்தைத் திருப்புகிறார்கள். நிஜமான செய்தியும் அதே மாதிரி இருந்துவிட்டால், அடுத்த மாதம் பொய்யான ஒன்று வரும்போது யாருக்கும் சந்தேகம் வராது. இதே காரணத்தால் கஸ்டமர்களுக்கு நான் எழுதவே இல்லை. பணம் கொடுக்கிறவர்கள் அவர்கள், சாருடைய ஐடியிலிருந்து அவர் கையெழுத்தோடு இரண்டு வரி போனால்தான் நம்புவார்கள்.

எங்கே போகிறேன் என்று கேட்டவர்களுக்கு, பொம்மசந்திரா பக்கம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். எழுத்தில் அதையும் சொல்லவில்லை. பழைய கம்பெனியின் சப்ளையரிடம் புது கம்பெனியின் பெயரைச் சொல்வது, 'அங்கேயும் வாருங்கள்' என்று கூப்பிடுவது போல ஆகிவிடும். கூப்பிடுவதாக இருந்தால் அதை விலகிய பிறகு வெளிப்படையாகச் செய்யலாம், விடைபெறும் செய்திக்குள் ஒளித்துச் செய்யக் கூடாது.

31 பேரில் 12 பேர் தங்கள் கணக்கை அனுப்பினார்கள். மூன்றில் வித்தியாசம். இரண்டு சில்லறை. மூன்றாவது அந்தக் கீல்காரருடையது, சரியாக ரூ. 11,800. அவர் கணக்கில் எங்கள் பாக்கி அவ்வளவு அதிகமாக இருந்தது. தொகையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. 10,000 ரூபாய் சரக்கு, 18 சதவீத ஜிஎஸ்டி 1,800. 2022-இல் ஒரு லாட் கீல் வளைந்து வந்தது, திருப்பி அனுப்பி, அவருக்குத் தர வேண்டியதில் அந்தத் தொகையைக் குறைத்து டெபிட் நோட் போட்டிருந்தேன். அடுத்த லோடில் அதே அளவு சரக்கு தருகிறேன், கிரெடிட் நோட் வேண்டாம் என்று அவர் போனில் சொன்னார், நானும் சரி என்றேன். சரக்கு வந்தது. பில் இல்லாமல் வந்தது. டெபிட் நோட்டை ரத்து செய்ய நான் மறந்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். இந்தப் பேச்சு எந்தக் காகிதத்திலும் இல்லை, அவர் நினைவிலும் என் நினைவிலும் மட்டும் இருந்தது. நான் நன்றி மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தால், எனக்கு அடுத்து வந்தவர் டெபிட் நோட்டைக் காட்டிப் பணத்தைப் பிடித்திருப்பார், கீல்காரர் எங்களைத் திருடர்கள் என்றிருப்பார். ஜூன் 22 அன்று இரண்டு பக்கமும் சரிசெய்து, நடந்ததை டேலியில் அந்த என்ட்ரியின் கீழேயே விளக்கமாக எழுதி வைத்தேன்.

என் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விடைபெறும் மெயிலில் அதைக் கலக்கலாமா என்ற கேள்வி எனக்கு வந்தது. வருடங்களுக்கு முன்பு எங்களிடமிருந்து விலகிய ஒருவர், எல்லோருக்கும் போன மெயிலில் கடைசிப் பத்தியாக லீவுப் பணம் பாக்கி என்று எழுதினார். மேலே எழுதியிருந்த நல்ல வார்த்தை எல்லாம் அந்தப் பத்தியோடு போயிற்று. அவருக்குப் பணமும் சீக்கிரம் வரவில்லை, சார் முறைத்துக்கொண்டார். மறுபக்கம், சார் ஏதாவது நினைப்பாரோ என்று கிராஜுவிட்டியைக் கேட்காமலே போனவர்களும் உண்டு. அதுவும் தேவையில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு அது அப்போதிருந்த 1972 சட்டப்படி வந்தது, யாரும் மனமிரங்கித் தருவது இல்லை.

நான் கிராஜுவிட்டி விண்ணப்பத்தை ஜூன் 20-ஆம் தேதியே தனிக் காகிதமாகக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். கணக்கு சுலபம். கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து எனக்கு ரூ. 28,600. அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 1,100. 15 நாளைக்கு 16,500. ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் முழு வருடமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதால் 17 வருடம் 8 மாதம் என்பது 18 வருடம். ஆக ரூ. 2,97,000. வேலை முடிந்து, தொகை சேர வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் தர வேண்டும். விண்ணப்பம் ஒரு பக்கம் போய்விட்டதால் ஜூன் 30 மெயிலில் பணம் என்ற வார்த்தையே வரவில்லை. சாரும் அந்த மெயிலை நன்றியாக மட்டும் படிக்க முடிந்தது.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஜூலை 11 மாலை, புது ஆபீஸில் இருக்கும்போது என் போனுக்கு ஒரு ஓடிபி வந்தது. ஜிஎஸ்டியிலிருந்து. அதைத் தொடர்ந்து சாரின் போன். ஜூன் மாத விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யக் கடைசி நாள் அன்று. கம்பெனி பார்ட்னர்ஷிப் என்பதால் ஓடிபி மூலமே தாக்கல் செய்துகொண்டிருந்தோம். கையெழுத்து அதிகாரம் சாருக்கு, ஆனால் போர்ட்டலில் பதிவான மொபைல் நம்பர் என்னுடையது. 2017-இல் ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்து அப்படித்தான். ஒப்படைப்புக் குறிப்பில் யூசர் நேம் எழுதினேன், பாஸ்வேர்ட் எழுதினேன், ஓடிபி யார் போனுக்கு வருகிறது என்று எழுதவில்லை. எனக்கு அது மூச்சு விடுவது மாதிரி, தனியாகத் தோன்றவே இல்லை. அன்று ஓடிபியைப் படித்துச் சொன்னேன். அந்த வாரமே பதிவுத் திருத்தத்தில் நம்பரை மாற்ற வைத்தேன். அது சின்ன திருத்தம்தான், அதிகாரி ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பிறகு பிஎஃப் போர்ட்டல், பேங்க், கரன்ட் பில் என்று பார்த்தால் இன்னும் இரண்டு இடத்தில் என் நம்பர் இருந்தது. இப்போது யாராவது விடைபெறும் மெயிலைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், நடையைப் பார்க்குமுன், உங்கள் போனுக்கு கம்பெனி ஓடிபி எத்தனை வருகிறது என்றுதான் கேட்கிறேன்.

ஜூலை 28 அன்று கிராஜுவிட்டி பணம் என் அக்கவுன்ட்டுக்கு வந்தது. 'வந்துவிட்டது சார், நன்றி' என்று சாருக்கு ஒரு வரி அனுப்பினேன். ஜூன் 30 மெயிலுக்கு அவர் பதில் போட்டிருக்கவில்லை. இதற்கு உடனே போட்டார்: "சந்தோஷம்மா. அந்த டீக்காரருக்கு மாசம் எவ்வளவு கொடுத்துட்டு இருந்தோம்? வந்து நிக்கிறார்."

குறிப்பில் அதுவும் இல்லை. 4,600 என்று எழுதி அனுப்பினேன்.